வினா எழுதும் முன் புளூபிரிண்ட்: பத்தாம் வகுப்பு இயற்பியல், 50 மதிப்பெண், கட்டங்களில் பின்னமாக வருகிறது

செம்பருத்தி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். இயற்பியலின் முதல் நான்கு அலகுகளுக்கு, எங்கள் பள்ளியின் மூன்று பிரிவுகளுக்கும் பொதுவாக, ஒன்றரை மணி நேரத்தில் எழுதக்கூடிய 50 மதிப்பெண் தேர்வு ஒன்றை அடுத்த மாதம் நடத்தவிருக்கிறோம். வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது.

சென்ற தேர்வில் நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மனத்தில் தோன்றிய வினாக்களையெல்லாம் முதலில் எழுதிவிட்டு, தலைமையாசிரியர் கேட்டாரே என்பதற்காக, எந்த அலகுக்கும் எந்தச் சிந்தனை நிலைக்கும் எத்தனை மதிப்பெண் என்று காட்டும் புளூபிரிண்ட் அட்டவணையைக் கடைசியில் நிரப்பினேன். நிரப்பும்போதுதான், ஐந்தே பாடவேளையில் முடித்த வெப்ப இயற்பியலுக்கு 13 மதிப்பெண்ணும், பன்னிரண்டு பாடவேளை எடுத்துக்கொண்ட மின்னோட்டவியலுக்கு 9 மதிப்பெண்ணும் போயிருப்பது தெரிந்தது. வெப்ப இயற்பியலில் ‘வரையறு’ என்று கேட்பதற்கு ஏற்ற இடங்கள் நிறைய இருப்பதால் கை தானாக அங்கே போயிருக்கிறது. கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்தும் வினாக்கள் இரண்டே இருந்தன, அவை இரண்டும் விருப்ப வினாக்களில் இருந்ததால் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் அவற்றை விட்டுவிட்டார்கள்.

ஆகவே இம்முறை ஒரு வினாகூட எழுதாமல் அட்டவணையில் இருந்தே தொடங்கினேன். பாடவேளைகளின் கணக்கு இது: இயக்க விதிகள் 10, ஒளியியல் 8, வெப்ப இயற்பியல் 5, மின்னோட்டவியல் 12. மொத்தம் 35. அதை 50 மதிப்பெண்ணுக்கு விகிதப்படி பிரித்து முழு எண்ணாக்கியபோது முறையே 14, 12, 7, 17 என்று வந்தது. சிந்தனை நிலைகளுக்கு நினைவுகூர்தல் 30 விழுக்காடு, புரிதல் 40, பயன்படுத்துதல் 20, பகுத்தாய்தல் 10 என்று வைத்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகுதான் சிக்கல். ஒவ்வொரு அலகின் மதிப்பெண்ணையும் ஒவ்வொரு நிலையின் விழுக்காட்டால் பெருக்கினால், வெப்ப இயற்பியலில் பயன்படுத்துதலுக்கு 1.4, பகுத்தாய்தலுக்கு 0.7, ஒளியியலில் பகுத்தாய்தலுக்கு 1.2 என்று எல்லாக் கட்டத்திலும் பின்னம் வருகிறது. முழு எண்ணாக்கினால் ஒரு பக்கம் கூட்டுத்தொகை சரியாகி, மறுபக்கம் கெடுகிறது. மூன்று மாலைகளாக அழித்து அழித்து எழுதுகிறேன். இதைச் சரியாக முழு எண்ணாக்குவதற்கு ஏதேனும் முறை இருக்கிறதா?

வினா வகைகளையும் முடிவு செய்துவிட்டேன்: ஒரு மதிப்பெண் 6, இரண்டு மதிப்பெண் 5, நான்கு மதிப்பெண் 5, ஏழு மதிப்பெண் 2. கூட்டினால் 6 + 10 + 20 + 14, அதாவது 50.

வேப்பமரத்தடி

என் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறாள். நீங்கள் குறிப்பிடும் புளூபிரிண்ட்டை இங்கே பதிவேற்ற முடியுமா? எந்த அலகை விட்டுவிட்டாலும் நல்ல மதிப்பெண் எடுக்கலாம் என்பது தெரிந்தால் பிள்ளைக்குப் பாரம் குறையும்.

கரும்பலகை

ஐயா, நீங்கள் கேட்பது வேறு. ஒவ்வொரு பாடத்திலிருந்தும் எத்தனை வினா வரும் என்று முன்பெல்லாம் மாணவர்கள் கைக்கே ஒரு பட்டியல் கிடைத்தது. அதைப் பார்த்துப் பாடங்களைத் தள்ளிவிட்டுப் படிக்கும் பழக்கமும் வளர்ந்தது. இவர் கேட்பது, வினாத்தாள் எழுதுபவர் தன் மேசையில் வைத்துக்கொள்ளும் திட்டத்தைப் பற்றி. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் உங்கள் மகள் ஒரு அலகையும் விடாமல் படிப்பதே பாதுகாப்பு.

செம்பருத்தி அவர்களுக்கு: இவ்வளவு சிரமம் தேவையில்லை என்று நினைக்கிறேன். நாங்கள் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் வினாக்கள் நினைவுகூர்தல், நான்கு மதிப்பெண் வினாக்கள் புரிதல், ஏழு மதிப்பெண் வினாக்கள் உயர்நிலைச் சிந்தனை. உங்கள் வினா வகைகளையே வைத்துப் பாருங்கள்: நினைவுகூர்தல் 16, புரிதல் 20, உயர்நிலை 14. நீங்கள் கேட்டது 15, 20, 15. ஒரு மதிப்பெண் வேறுபாட்டோடு அட்டவணை தானாகவே முடிந்துவிட்டது.

மூங்கில்

செம்பருத்தி அம்மா, நான் ஆசிரியர் கல்வியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்தப் பெருக்கல் கணக்கை எங்கள் பயிற்சி மாணவர்கள் ஆண்டுதோறும் செய்வார்கள். நீங்கள் தேடும் முழு எண்ணாக்கும் முறை தேவையே இல்லை. ஏனென்றால் பெருக்கியிருக்கவே வேண்டியதில்லை.

பெருக்கும்போது நீங்கள் அறியாமலேயே ஒரு நிபந்தனையைப் புகுத்துகிறீர்கள். ஒவ்வொரு அலகும் நான்கு சிந்தனை நிலைகளையும் ஒரே விகிதத்தில் தாங்கியிருக்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. அது பாடத்தின் இயல்புக்கே பொருந்தாது. வெப்ப இயற்பியலை நீங்கள் ஐந்து பாடவேளையில் முடித்திருக்கிறீர்கள் என்றால், விதிகளையும் விரிவாக்க வகைகளையும் அறிமுகப்படுத்தியிருப்பீர்களே தவிர, பிள்ளைகள் பகுத்தாய்ந்து பழகுவதற்கு நேரம் இருந்திருக்காது. கற்பிக்காததைக் கேட்கக் கூடாது. அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதே நியாயம். ஒளியியலில் கதிர்ப்படம் வரைந்து, தவறு கண்டு, திருத்திப் பழகியிருப்பார்கள். பகுத்தாய்தலை அங்கே முழுவதுமாக வைக்கலாம். காக்க வேண்டியவை ஓரத்துக் கூட்டுத்தொகைகள் மட்டுமே. உள்ளே இருக்கும் கட்டங்கள் ஏற்றத்தாழ்வாகத்தான் இருக்கும்.

இரண்டாவது செய்தி, வரிசை. நீங்கள் அலகு, சிந்தனை நிலை, வினா வகை என்று மூன்றையும் முடிவு செய்துவிட்டு, முதல் இரண்டை மட்டும் பொருத்தப் பார்க்கிறீர்கள். 1, 2, 4, 7 என்ற நாணயங்களை மட்டும் கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்பது பிற்பாடுதான் நினைவுக்கு வருகிறது. அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அலகின் மதிப்பெண்ணை முதலில் இந்த நாணயங்களாக உடையுங்கள், நிலைகளைப் பிறகு ஒட்டுங்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஏழு மதிப்பெண் வினாக்கள் இருக்கின்றன, அவற்றை மிகுதியான பாடவேளை பெற்ற மின்னோட்டவியலுக்கும் இயக்க விதிகளுக்கும் கொடுப்போம். வெப்ப இயற்பியலின் 7 மதிப்பெண்ணை ஒரே வினாவில் அடைத்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் அப்படிச் செய்தால் அந்த அலகு முழுவதும் ஒரே கருத்தின் மேல் நிற்கும். ஆகவே அதை 4 + 2 + 1 என்று உடைப்போம். இயக்க விதிகள் 7 + 4 + 2 + 1 என்று 14 ஆகும். ஒளியியல் 4 + 4 + 2 + 1 + 1 என்று 12 ஆகும். மின்னோட்டவியல் 7 + 4 + 2 + 2 + 1 + 1 என்று 17 ஆகும். எண்ணிப் பாருங்கள், ஒரு மதிப்பெண் வினாக்கள் ஆறு, இரண்டு மதிப்பெண் ஐந்து, நான்கு மதிப்பெண் ஐந்து, ஏழு மதிப்பெண் இரண்டு என்று உங்கள் எண்ணிக்கையே வருகிறது. எப்போதும் இவ்வளவு எளிதாகப் பொருந்தாது. பொருந்தாதபோது அலகின் மதிப்பெண்ணில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

இப்போது மொத்தம் பதினெட்டு வினாக்களும் அலகோடு பொருந்திவிட்டன. இவற்றின் மேல் சிந்தனை நிலைகளை, மிகவும் அரிதானதில் இருந்து தொடங்கி ஒட்டுங்கள். பகுத்தாய்தலுக்கு உரிய 5 மதிப்பெண்ணை ஒரு நான்கும் ஒரு ஒன்றுமாக எடுத்து, இரண்டையும் ஒளியியலில் வைப்போம். பயன்படுத்துதலுக்கு 10 வேண்டும். ஏழு மதிப்பெண் வினாக்களை 3 + 4 என்று இரு கூறாக்கி, அந்த நான்கு மதிப்பெண் கூறு இரண்டையும் பயன்படுத்துதலாக்கினால் 8 ஆயிற்று. மின்னோட்டவியலின் இரண்டு மதிப்பெண் வினா ஒன்றையும் சேர்த்தால் 10 ஆகும். எஞ்சியவற்றை நினைவுகூர்தலுக்கும் புரிதலுக்கும் பிரித்தால் இப்படி வருகிறது:

| அலகு | நினைவு | புரிதல் | பயன்பாடு | பகுப்பு | கூடுதல் |
|---|---|---|---|---|---|
| இயக்க விதிகள் | 4 | 6 | 4 | – | 14 |
| ஒளியியல் | 3 | 4 | – | 5 | 12 |
| வெப்ப இயற்பியல் | 3 | 4 | – | – | 7 |
| மின்னோட்டவியல் | 4 | 7 | 6 | – | 17 |
| கூடுதல் | 14 | 21 | 10 | 5 | 50 |

நினைவுகூர்தல் 15க்கு 14 ஆகவும், புரிதல் 20க்கு 21 ஆகவும் வந்திருக்கின்றன. அந்த ஒரு மதிப்பெண்ணைத் துரத்தாதீர்கள். ஒரு வினா புரிதலா நினைவா என்று முடிவு செய்வதிலேயே அதைவிடப் பெரிய ஐயம் நமக்கு இருக்கிறது.

அந்த ஐயத்தில் இருந்தே கரும்பலகை அவர்களின் எளிய வழிக்கு வருகிறேன். அது கூட்டுத்தொகையைச் சரியாகக் காட்டும், ஆனால் மதிப்பெண்ணின் அளவு விடையின் நீளத்தைத்தான் சொல்கிறது, சிந்தனையின் ஆழத்தைச் சொல்வதில்லை. நியூட்டனின் இரண்டாம் விதியில் இருந்து விசையின் சமன்பாட்டை வருவிக்கச் சொல்லும் ஏழு மதிப்பெண் வினா, புத்தகத்தில் உள்ளபடியே இருந்தால், நீளமான நினைவுகூர்தல் மட்டுமே. மாறாக, ஒரு குவிலென்சின் கதிர்ப்படத்தைத் தவறாக வரைந்து கொடுத்து, எந்தக் கதிர் தவறு என்று நான்கு தெரிவுகளில் கேட்டால், அந்த ஒரு மதிப்பெண் வினா பகுத்தாய்தல் ஆகிவிடும்.

கரும்பலகை

மூங்கில் ஐயா, வருவித்தல் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், நான் அதை அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம். உயர்நிலைச் சிந்தனை என்று நீங்கள் சொல்வது கடினமான வினாவைத்தானே? எங்கள் பள்ளியில் எளிது, நடுத்தரம், கடினம் என்று ஒரு பட்டியலும் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று கருதி ஒரே அட்டவணையை இரண்டுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

மூங்கில்

இரண்டும் ஒன்றல்ல. அலகில் அதிகம் புழங்காத ஒரு மாறிலியின் மதிப்பைக் கேட்டால் அது மிகக் கடினமான வினா, ஆனால் நினைவுகூர்தல். 220 வோல்ட் இணைப்பில் 5 ஆம்பியர் மின் உருகி உள்ள சுற்றில் 1500 வாட் நீர்ச் சூடேற்றியைப் பொருத்தலாமா என்று கேட்டால், 1500ஐ 220ஆல் வகுத்து ஏறத்தாழ 6.8 ஆம்பியர் என்று கண்டு, உருகி தாங்காது என்று முடிவு செய்ய வேண்டும். இது பயன்படுத்துதல், ஆனால் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் செய்துவிடக்கூடிய எளிய வினா. கடினம் என்பது எழுதும் பிள்ளைகளைப் பொறுத்தது, தேர்வு முடிந்த பிறகே உறுதியாகத் தெரியும். நிலை என்பது வினா எந்த வேலையைச் செய்யச் சொல்கிறது என்பதைப் பொறுத்தது.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இதே சூடேற்றிக் கணக்கை அம்மா சென்ற வாரம் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருந்தால், அது தேர்வில் நினைவுகூர்தலாக மாறிவிடும். சிவப்பு விளக்கை ஏன் அபாய அறிவிப்புக்குப் பயன்படுத்துகிறோம் என்ற வினா காரணம் கேட்பதுபோல் தோன்றினாலும், விடை பாடத்திலேயே வரிவடிவாகக் கிடைப்பதால் பிள்ளைகள் அதை ஒப்பித்து எழுதுகிறார்கள். வினாச்சொல்லைப் பார்த்து நிலையை முடிவு செய்யாமல், பிள்ளை அந்த விடையை முன்பே பார்த்திருக்கிறதா என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

செம்பருத்தி

ஐயா, மிக்க நன்றி. பெருக்கல்தான் தவறு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு வரி எழுதத் தொடங்கினேன். வினாவை எழுதாமல், பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, ‘மின்னோட்டவியல், 2 மதிப்பெண், பயன்படுத்துதல்: மின்திறனில் இருந்து மின்னோட்டத்தைக் கண்டு, கொடுத்த உருகி தாங்குமா என்று முடிவு செய்தல்’.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பொதுத்தேர்வுக்குப் பழக வேண்டும் என்பதால், இரண்டு மதிப்பெண்ணில் ஏழில் ஐந்து, நான்கு மதிப்பெண்ணில் ஏழில் ஐந்து, ஏழு மதிப்பெண்ணில் ‘அல்லது’ என்று விருப்பம் கொடுக்கச் சொல்கிறார்கள். கூடுதலாக வரும் வினாக்களை அட்டவணையில் எங்கே காட்டுவது?

மூங்கில்

இந்த இடத்தில்தான் நல்ல திட்டங்கள் கெடுகின்றன. கூடுதல் வினாக்களை அட்டவணைக்கு வெளியே எங்கேயாவது வைத்துவிட்டு, திட்டம் அப்படியே இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். உண்மையில், விருப்பம் கொடுத்த கணமே தாளின் கடைசிப் புளூபிரிண்ட்டை மாணவர்தான் எழுதுகிறார்.

உங்கள் தாளைக் கணக்கிடுவோம். ஒரு மதிப்பெண் 6, இரண்டு மதிப்பெண் 14, நான்கு மதிப்பெண் 28, ஏழு மதிப்பெண் ‘அல்லது’ சேர்த்து 28. ஆக 76 மதிப்பெண்ணுக்கு வினா அச்சாகிறது, 50க்கு எழுதினால் போதும். ஒரு மாணவி ஒளியியலின் நான்கு மதிப்பெண் பகுத்தாய்தல் வினாவையும், மின்னோட்டவியலின் இரண்டு மதிப்பெண் பயன்படுத்துதல் வினாவையும் விட்டுவிட்டால், அவள் எழுதிய தாளில் பகுத்தாய்தல் 5 அல்ல, வெறும் 1. வேறொருவன் வெப்ப இயற்பியலின் நான்கையும் இரண்டையும் விட்டுவிட்டால், அந்த அலகில் ஒரே ஒரு மதிப்பெண்ணுக்கு மட்டும் எழுதி முழு மதிப்பெண் வாங்க முடியும். இருவரும் 45 எடுத்தால் அந்த 45 ஒரே பொருளைச் சொல்லவில்லை.

பொதுத்தேர்வு அறிவியல் தாளிலும் இந்த இடைவெளி இருக்கிறது. 75 மதிப்பெண் தாளில் அச்சாவது 12 + 20 + 40 + 42 என்று 114 மதிப்பெண்ணுக்கான வினாக்கள். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் நான்கு மதிப்பெண் பகுதியிலும் 22ஆம், 32ஆம் வினாக்களைக் கட்டாய வினாவாக வைத்திருப்பது இந்த விலகலை ஓரளவு தடுக்கிறது.

என் அறிவுரை, விருப்பத்தை அந்தந்தக் கட்டத்துக்கு உள்ளேயே கொடுங்கள் என்பதே. ‘அல்லது’ என்ற சொல்லுக்கு இருபுறமும் உள்ள வினாக்கள் ஒரே அலகில், ஒரே நிலையில், ஒரே மதிப்பெண் பிரிவில் இருக்க வேண்டும். ஒருபுறம் புத்தகத்தில் உள்ள வருவித்தலும் மறுபுறம் புதிய கணக்கும் இருந்தால் யார் எதை எழுதுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நாணல்

நான் தமிழாசிரியர். இந்த இழையைப் படித்தபோது என் தாள்களை எடுத்துப் பார்த்தேன். மனப்பாடச் செய்யுளை எழுதச் சொல்வது நினைவுகூர்தல் என்பதில் குழப்பமில்லை. ஆனால் கடிதம் எழுதுதல், நயம் பாராட்டுதல், கட்டுரை ஆகியவற்றை எந்தக் கட்டத்தில் வைப்பது? எங்கள் பாடத்தில் இயல்களும் உரைநடை, செய்யுள், இலக்கணம் என்ற பிரிவும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன, எதை நிரையாக வைப்பது என்றே தெரியவில்லை. நயம் பாராட்டலைப் பகுத்தாய்தலில் வைத்தேன், ஆனால் பிள்ளைகள் எதுகை, மோனை, அணி என்று ஒரே வார்ப்பில் எழுதிப் பழகிவிட்டார்கள். முன்பே பார்த்த விடையா என்ற மூங்கில் ஐயாவின் அளவுகோலால் பார்த்தால் அது நினைவுகூர்தலே ஆகிறது.

மூங்கில்

நாணல் ஐயா, மொழிப்பாடத்துக்கு உள்ளடக்கத்தை நிரையாக வைப்பது பெரும்பாலும் பொருந்தாது, படித்தல், எழுதுதல், இலக்கண அறிவு போன்ற திறன்களை நிரையாக வைத்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். நயம் பாராட்டல் பற்றி உங்கள் ஐயம் நியாயமானது. பாடநூலில் இல்லாத பாடலைக் கொடுத்தாலும் வார்ப்பு மாறாதவரை அதைப் பகுத்தாய்தல் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். இது தனி இழைக்கு உரிய பொருள், நீங்கள் தொடங்கினால் நானும் வருகிறேன்.

தாழம்பூ

நான் வேதியியல் ஆசிரியை, விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்குப் பல ஆண்டுகளாகச் செல்பவள். இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அட்டவணையில் பயன்படுத்துதல் 10 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 10 விடைக்குறிப்பில் தப்பிப் பிழைக்குமா என்று பாருங்கள்.

நான்கு மதிப்பெண் கணக்கு ஒன்றுக்கு வழக்கமாக எப்படிப் பிரிக்கிறோம்? வாய்ப்பாட்டுக்கு 1, மதிப்புகளைப் பதிலிடுவதற்கு 1, விடைக்கு 1, அளவீட்டு அலகுக்கு 1. வாய்ப்பாட்டை மட்டும் மனப்பாடமாக எழுதி, வினாவில் கொடுத்த எண்களை எழுத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு, எந்தச் சூழலையும் புரிந்துகொள்ளாமலேயே 2 மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அலகு மனப்பாடமாகத் தெரிந்தால் 3. உங்கள் தாளில் இரண்டு ஏழு மதிப்பெண் வினாக்களிலும் உள்ள நான்கு மதிப்பெண் கூறுகள் கணக்குகளாக இருந்தால், பயன்படுத்துதல் என்று எழுதிய 8இல் 4க்கு மேல் உண்மையில் நினைவுகூர்தலுக்கே போகிறது. திருத்தும் மேசையில் இதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

ஆகவே கட்டத்துக்கு ஒரு வரி எழுதும்போதே, அந்த மதிப்பெண் எதற்காகக் கொடுக்கப்படும் என்பதையும் எழுதிவிட வேண்டும். சூடேற்றி வினாவில் மின்னோட்டத்தைக் கண்டதற்கு 1, உருகியோடு ஒப்பிட்டு முடிவு சொன்னதற்கு 1 என்று இருந்தால்தான் அது நீங்கள் நினைத்த வினாவாக இருக்கும்.

மூங்கில்

தாழம்பூ அம்மா சொன்னது நான் சொல்லாமல் விட்டது, சொல்லியிருக்க வேண்டியது. திட்டத்தைப் பயிற்சி மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது விடைக்குறிப்பைத் தனிப் பாடமாகப் பின்னால் வைத்தோம். நடுவில் மதிப்பெண் இப்படி ஒழுகுவதை அந்தப் பிரிப்பே மறைத்துவிடுகிறது. செம்பருத்தி அம்மா, ஏழு மதிப்பெண் வினாவின் நான்கு மதிப்பெண் கூறில் எந்த வாய்ப்பாடு வேண்டும் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும்படி வைத்து, அந்தத் தேர்வுக்கும் கிடைத்த விடையை விளக்குவதற்கும் 3 மதிப்பெண்ணை ஒதுக்கிப் பாருங்கள்.

கரும்பலகை

பாடவேளையை வைத்து மதிப்பெண் பிரிப்பதிலும் எனக்கு மறுப்பு உண்டு. மின்னோட்டவியலுக்குப் பன்னிரண்டு பாடவேளை ஆனது பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பழகியதால்தான், கருத்துகள் மிகுதியாக இருப்பதால் அல்ல. ஒரு விடுமுறையோ விளையாட்டு விழாவோ குறுக்கிட்டால் பாடவேளை மாறிவிடுகிறது. அடுத்த வகுப்புக்கு எது அடித்தளம் என்று பார்த்துப் பிரிப்பதே சரி. அப்படிப் பார்த்தால் இயக்க விதிகளுக்கு 17 கொடுத்திருப்பேன்.

மூங்கில்

விடுமுறையால் மாறிய பாடவேளையைக் கணக்கில் எடுக்கக் கூடாது, பாடத்துக்குச் செலவானதை மட்டும் எடுக்க வேண்டும் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் அடித்தளம் எது என்பதை ஒவ்வொரு ஆசிரியரும் தமக்குப் பிடித்த அலகைக் கொண்டு முடிவு செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பாடவேளை குறையுடைய அளவுகோல்தான், எனினும் மூன்று பிரிவுகளின் ஆசிரியர்களும் சரிபார்க்கக்கூடியது. இதில் நாம் இருவரும் ஒத்துப்போவோம் என்று தோன்றவில்லை.

கரும்பலகை

ஒத்துப்போக மாட்டோம், ஐயா. ஆனால் மூன்று பிரிவுக்கும் பொதுவான தாள் என்பதால் செம்பருத்தி அவர்கள் உங்கள் வழியில் போவதை நான் தடுக்கவில்லை.

செம்பருத்தி

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். தாள் தயாராகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

விருப்பத்தைப் பற்றிப் பள்ளியில் பேசினேன். ஏழில் ஐந்து என்பதைக் கைவிட ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கிடைத்த உடன்பாடு இது: இரண்டு மதிப்பெண்ணில் மின் உருகி வினாவும், நான்கு மதிப்பெண்ணில் கதிர்ப்பட வினாவும் கட்டாயம். கூடுதலாக வரும் நான்கு வினாக்களையும் புரிதல் நிலையில், வெவ்வேறு அலகுகளில் வைத்தேன். வெப்ப இயற்பியலை ஒருவர் இன்னும் பெரும்பகுதி விட்டுவிட முடியும், அதை என்னால் அடைக்க முடியவில்லை.

பிறகு, அட்டவணையைக் காட்டாமல், வினாத்தாளை மட்டும் இன்னொரு பிரிவுக்குக் கற்பிக்கும் ஆசிரியையிடம் கொடுத்து, ஒவ்வொரு வினாவும் எந்த அலகு, எந்த நிலை என்று எழுதித் தரக் கேட்டேன். அலகில் எல்லாமே பொருந்தின. நிலையில் அட்டவணையின் பதினெட்டு வினாக்களில் நான்கில் வேறுபட்டோம். அவற்றில் இரண்டு, நான் புரிதல் என்று எழுதியிருந்தும் புத்தகப் பின்வினாவின் சொல்மாற்றம் மட்டுமே என்று அவர் காட்டினார், அவற்றை மாற்றி எழுதிவிட்டேன். மூன்றாவது இயக்க விதிகளின் ஏழு மதிப்பெண் வினா. அதன் நான்கு மதிப்பெண் கூறின் விடைக்குறிப்பை, தாழம்பூ அம்மா சொன்னபடி, வாய்ப்பாட்டுக்கு 1, சூழலில் விசைகளின் திசையைச் சரியாகக் கண்டதற்கு 2, அலகோடு விடைக்கு 1 என்று திருத்திய பிறகு அவரும் பயன்படுத்துதல் என்றே எழுதினார்.

நான்காவதில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. பொருளைக் குவிலென்சின் குவியத்துக்கும் ஒளியியல் மையத்துக்கும் இடையில் வைத்து மெய்ப்பிம்பம் வரைந்திருக்கும் படத்தில் பிழை காணும் கட்டாய வினா அது. எங்கள் இரு பிரிவிலும் இதை யாரும் செய்து காட்டியதில்லை. மூன்றாம் பிரிவில் மட்டும் ஆசிரியர் இதே போன்ற பிழையான படத்தைப் பலகையில் வரைந்து திருத்தச் சொல்லியிருக்கிறார். ஆக ஒரே வினா இரண்டு பிரிவுக்குப் பகுத்தாய்தலாகவும் ஒரு பிரிவுக்கு நினைவுகூர்தலாகவும் இருக்கிறது. லென்சைக் குழிலென்சாக மாற்றினால் சரியாகுமா, அல்லது அதுவும் அதே பழகிய வேலைதானா என்று நானும் அவரும் இன்றும் வாதிட்டுக்கொண்டிருந்தோம்.

தாழம்பூ

குழிலென்சாக மாற்றினால், குழிலென்சு மெய்ப்பொருளுக்கு மாயபிம்பம்தான் தரும் என்ற ஒரே வரி போதுமாகிவிடும், பகுத்தாய்தல் போய்விடும். குவிலென்சையே வைத்துக்கொண்டு, பொருளைக் குவியத்துக்கு அப்பால் நகர்த்தி, ஒளியியல் மையம் வழியே செல்லும் கதிரை மட்டும் வளைத்து வரைந்து பாருங்கள். பிழை பிம்பத்தில் இல்லாமல் கதிரில் இருந்தால், மூன்றாம் பிரிவுப் பிள்ளைகளும் முதலில் இருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

செம்பருத்தி

அப்படியே மாற்றி, அவரிடம் மீண்டும் கொடுத்திருக்கிறேன். தேர்வு அடுத்த புதன்கிழமை. திருத்தி முடித்ததும், கட்டாய வினாவை எத்தனை பேர் முயன்றார்கள், வெப்ப இயற்பியலை எத்தனை பேர் விட்டார்கள் என்று பிரிவு வாரியாக எண்ணி இதே இழையில் எழுதுகிறேன்.